இங்காட் விலை ஏறினால் பீஸ் விலையும் ஏற வேண்டும்: ஒப்பந்தத்தில் என்ன எழுதி வாங்குவது?

கேள்வி: கோவையில் அலுமினியம் டை காஸ்டிங் பட்டறை வைத்திருக்கிறேன். ஒரு பம்ப் கம்பெனி மூன்று வருடத்துக்கு மோட்டார் பாடி கேட்கிறது. இங்காட், டாலர், கூலி, கரண்ட் எதுவானாலும் ஏறினால் என் விலையும் ஏறும்படி என்ன எழுதிக் கேட்க வேண்டும்? "சந்தை நிலவரத்துக்கேற்ப விலையைப் பேசி முடிவு செய்யலாம்" என்று ஒரு வரி போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். அது போதுமா?

பதில்:

போதாது. அந்த வரி உங்களுக்குக் கொடுப்பது பேசும் உரிமையை மட்டும்தான். பேசிப் பார்த்து அவர்கள் "முடியாது" என்றால் பழைய விலையிலேயே மூன்று வருடமும் சரக்கு அனுப்ப வேண்டியதுதான்.

நான் பல வருடம் பர்ச்சேஸ் மேசையில் உட்கார்ந்து இப்படிப்பட்ட வரிகளை எழுதியவன். அப்புறம் சப்ளை பக்கம் வந்து அதே வரிகளிடம் அடி வாங்கியவன். அதனால் இரண்டு பக்கத்துக் கணக்கையும் சேர்த்தே சொல்கிறேன்.

முதலில் ஒரு நப்பாசையை விட்டுவிடுங்கள். விலை தாறுமாறாக ஏறினால் கோர்ட் பார்த்துக்கொள்ளும் என்று பலர் நினைக்கிறார்கள். இந்தோனேசியா நிலக்கரி ஏற்றுமதி விலை விதியை மாற்றியதால் அங்கிருந்து நிலக்கரி வாங்கிய மின் உற்பத்தி நிறுவனங்களுக்குச் செலவு எகிறியது. ஒப்பந்த விலையில் மின்சாரம் கொடுக்க முடியாது, இது எங்கள் கைமீறியது என்று வழக்காடினார்கள். எனர்ஜி வாட்ச்டாக் வழக்கில் 2017 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அந்த வாதத்தை ஏற்கவில்லை. செலவு கூடியதால் மட்டும் ஒப்பந்தம் நிறைவேற்ற முடியாததாக ஆகிவிடாது என்றது. அதற்கும் முன்னால், 1960-லேயே, ராணுவத்துக்கு நெய் வாங்கிக் கொடுத்த ஒரு நிறுவனத்தின் வழக்கில் இதே பாடம்தான். அவ்வளவு பெரிய ஆட்களுக்கே கிடைக்காதது நமக்குக் கிடைக்காது. காகிதத்தில் இருப்பது மட்டும்தான் நம்முடையது.

சரி, காகிதத்துக்கு வருவோம். உங்கள் பீஸ் விலையைப் பிரித்துக் காட்டினால்தான் விதி எழுத முடியும். நீங்கள் எண் எதுவும் கொடுக்கவில்லை, அதனால் நானே ஒன்றை வைத்துக்கொள்கிறேன். ஒரு பாடியின் விலை ₹380, மாதம் 5,000 பீஸ், அலாய் ஏடிசி 12, இங்காட் கிலோ ₹200. டிரிம் செய்து அனுப்பும் பீஸின் எடை 1.200 கிலோ.

இதில் உலோகம் எவ்வளவு? 1.2 × 200 = ₹240 என்று கம்பெனி எழுதும். அங்கேதான் முதல் ஓட்டை. நீங்கள் உருக்குவது 1.2 கிலோ இல்லை. ரன்னர், பிஸ்கட், ஓவர்ஃப்ளோ என்று பீஸோடு ஒட்டி வரும் துண்டுகள் எல்லாம் சேர்த்து ஒரு ஷாட்டுக்கு 2 கிலோ உருக்குகிறீர்கள். மீதி 800 கிராம் உலைக்கே திரும்பிப் போகிறது, உண்மை. ஆனால் உருக்கும்போது கழிவாகிப் போகும் பங்கு முழு 2 கிலோவுக்கும்தான். அது 4 சதவீதம் என்றால் ஷாட்டுக்கு 80 கிராம் போகிறது. ஆக ஒரு பீஸுக்கு நீங்கள் வாங்கியாக வேண்டிய உலோகம் 1.28 கிலோ, அதாவது ₹256.

80 கிராமுக்கு இவ்வளவு பேச்சா என்று தோன்றலாம். இங்காட் ₹236-க்குப் போனால் 1.28 கிலோ கணக்கில் ₹46.08 கூட வேண்டும், 1.2 கிலோ கணக்கில் ₹43.20 மட்டும் வரும். வித்தியாசம் ₹2.88, மாதம் ₹14,400. கீழே நான் வைத்திருக்கும் லாபம் பீஸுக்கு ₹18. அதில் ஆறில் ஒரு பங்கு, எடை என்ற சொல்லுக்கு முன்னால் 'உள்ளீட்டு' என்று எழுதாததால் போகிறது. ஆகவே இந்த 1.28 என்ற எண்ணை ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள். அவர்கள் ஆளையே கூப்பிட்டு, ஒரு ஷிப்ட் முழுக்க உலையில் போட்டதையும் வெளியே வந்ததையும் எடை போட்டுக் காட்டுங்கள். எண் காகிதத்தில் ஏறிய பிறகு யாரும் அதைத் திரும்பக் கிண்டுவதில்லை.

மீதி ₹124. அதில் கூலி ₹40, கரண்டும் எரிபொருளும் ₹36, டை பராமரிப்பு, பேக்கிங் வகையறா ₹30, லாபம் ₹18 என்று வைப்போம். விதி இப்படி வரும்:

```
P1 = 380 + 1.28 × (M1 − M0) + 40 × (L1/L0 − 1) + 36 × (E1/E0 − 1)
```

M என்பது இங்காட்டின் கிலோ விலை, L கூலிக்கான குறியீட்டு எண், E மின் கட்டணம். 0 என்றால் ஒப்பந்தம் போட்ட அன்றைய எண், 1 என்றால் இப்போதைய எண். டை பராமரிப்புக்கும் லாபத்துக்கும் சுட்டி, அதாவது ஒப்பிட்டு ஏற்றும் எண், இல்லை, ₹48 அசையாமல் நிற்கும். இதைக் கம்பெனி கட்டாயம் கேட்கும், கேட்பதும் நியாயம். எல்லாமே தானாக ஏறும் என்றால் செலவைக் குறைக்க உங்களுக்கு என்ன அவசரம் இருக்கும்?

உலோகத்தை விகிதமாக இல்லாமல் கிலோவுக்கு இத்தனை ரூபாய் என்று வைத்ததற்கும் காரணம் உண்டு. "மூலப்பொருள் பங்கு 65 சதவீதம்" என்று விகிதத்தில் எழுதினால், அந்த 65 எங்கிருந்து வந்தது என்று இரண்டாவது வருடமே சண்டை வரும். 1.28 கிலோவைத் தராசில் வைத்துக் காட்டலாம், 65 சதவீதத்தைக் காட்ட முடியாது.

எந்த விலை, எந்த டாலர்

M என்பதற்கு எந்த விலையை எடுப்பது? பலரும் கண்ணை மூடிக்கொண்டு லண்டன் மெட்டல் எக்ஸ்சேஞ்ச், அதாவது எல்எம்இ விலை என்று எழுதிவிடுகிறார்கள். எல்எம்இ அலுமினியம் என்று எல்லோரும் பார்க்கும் விலை சுத்த உலோகத்துக்கு. ஏடிசி 12 என்பது பெரும்பாலும் ஸ்கிராப்பிலிருந்து வரும் அலாய். அதில் பத்துக்கு ஒரு பங்கு சிலிக்கான், கொஞ்சம் செம்பு. 2021 செப்டம்பர் வாக்கில் சீனாவில் மின்வெட்டால் சிலிக்கான் உற்பத்தி குறைந்து அதன் விலை பல மடங்கு எகிறியது. அந்த ஏற்றம் எல்எம்இ அலுமினியம் விலையில் தெரியாது, உங்கள் இங்காட் பில்லில் தெரியும். அதனால் நீங்கள் உண்மையில் வாங்கும் பொருளுக்கு மிக அருகில் இருக்கும் விலையைப் பிடியுங்கள். பெரிய கார் கம்பெனிகள் தங்கள் சப்ளையர்களுக்கு நிர்ணயிக்கும் ஏடிசி 12 விலையை வைத்து ஊரில் பலர் கணக்கு முடிக்கிறார்கள். அதை எழுத்தில் பெற வழி இருந்தால் அது நல்லது. இல்லாவிட்டால் பெயர் குறிப்பிட்ட மூன்று இங்காட் உற்பத்தியாளர்களின் விலைப்பட்டியல் சராசரி. உங்கள் சொந்தக் கொள்முதல் பில்லைச் சுட்டியாக வைக்கச் சொல்லாதீர்கள். கம்பெனி ஒத்துக்கொள்ளாது, நானும் ஒத்துக்கொண்டதில்லை. சப்ளையர் அதிக விலைக்கு வாங்கினாலும் முழுசாகத் திரும்பக் கிடைக்கும் என்றால் யார் பேரம் பேசுவார்கள்?

டாலரையும் கேட்டிருந்தீர்கள். இங்கே இரண்டு தவறுகள் நடக்கும், இரண்டும் எதிரெதிர். 2022 ஜனவரியில் டாலர் ₹74-75, அக்டோபரில் ₹82-83. கிட்டத்தட்ட 10 சதவீதம். விலை முழுக்க டாலரை ஒட்டி நகர்கிறது என்று வைத்தால், லண்டனில் ஒரு சென்ட் அசையாமலே ₹200 இங்காட் ₹220 ஆகும். உங்கள் M ரூபாய் விலைப்பட்டியலிலிருந்து வந்தால் இந்த ஏற்றம் அதற்குள்ளேயே இருக்கிறது, ₹25.60 கிடைத்துவிடும். அதற்கு மேல் தனியாக "டாலர் மாற்று விதி" ஒன்றும் எழுதி உலோகத்தின் ₹256-க்கு இன்னொரு 10 சதவீதம் கேட்டால், அதே ₹25.60-ஐ இரண்டாம் முறை கேட்கிறீர்கள். பர்ச்சேஸில் இருந்தபோது நான் இதை ஒருவர் கணக்கில் கண்டுபிடித்தேன். அவர் தெரியாமல்தான் செய்திருந்தார். ஆனாலும் அதன் பிறகு அவர் கொடுத்த எந்தத் தாளையும் எங்கள் ஆட்கள் இரண்டு தடவை கூட்டிப் பார்க்காமல் விட்டதில்லை.

மறு தவறு: M டாலரில் எல்எம்இ என்று எழுதி, மாற்று விகிதம் என்ன என்று எழுதாமல் விடுவது. கம்பெனி ஒப்பந்த நாளின் விகிதத்தையே மூன்று வருடமும் போட்டுப் பெருக்கும். எல்எம்இ-தான் வேண்டும் என்றால், டாலருக்கு வேலை நாள்தோறும் வெளியாகும் எஃப்பிஐஎல் ரெஃபரன்ஸ் ரேட்டின் அதே மாதத்துச் சராசரியால் பெருக்க வேண்டும் என்று அதே வாக்கியத்தில் சேருங்கள். உங்களுக்கு உள்நாட்டு வியாபாரம்தான், ரூபாய் பட்டியலைப் பிடித்தால் டாலருக்குத் தனி விதியே தேவையில்லை.

எந்த மாதம்

நான் பார்த்த சண்டைகளில் பாதி சூத்திரத்தைப் பற்றியதே இல்லை, தேதியைப் பற்றியது.

வழக்கமாகப் போன காலாண்டின் சராசரி விலையை வைத்து இந்தக் காலாண்டின் பீஸ் விலை ஓடும். அதாவது நீங்கள் எப்போதும் மூன்று மாதம் பின்னால் நடக்கிறீர்கள். 2022 மார்ச் முதல் வாரத்தில், உக்ரைன் போர் தொடங்கிய சூட்டில், எல்எம்இ அலுமினியம் டன் 4,000 டாலரைத் தொட்டது. செப்டம்பருக்குள் 2,200 அருகே வந்துவிட்டது. ஏறும்போது சப்ளையருக்கு அடி, இறங்கும்போது லாபம், கடைசியில் சரியாகிவிடும் என்று சொல்வார்கள். பாதிதான் உண்மை.

நம் கணக்கில் பாருங்கள். இங்காட் ₹236 விற்கும் காலாண்டில் உங்களுக்கு ₹200 கணக்கில்தான் விலை. 15,000 பீஸுக்கு ₹6.91 லட்சம் கையை விட்டுப் போகிறது. பிறகு இங்காட் ₹200-க்குத் திரும்பும் காலாண்டில் ₹236 கணக்கில் விலை வருகிறது, விட்டதைப் பிடிக்கலாம். ஆனால் கம்பெனி அப்போது என்ன செய்யும்? நான் செய்ததைத்தான். விலை குறையப் போகிறது என்று தெரிந்தால் ஷெட்யூலை 9,000 பீஸாகக் குறைத்து, மீதியை அடுத்த காலாண்டுக்குத் தள்ளுவேன். உங்களுக்குத் திரும்பி வருவது ₹4.15 லட்சம் மட்டும். ₹2.76 லட்சம் போனதுதான்.

இதற்கு மருந்து விலை விதியில் இல்லை, அளவு விதியில் இருக்கிறது. ஒவ்வொரு காலாண்டின் ஷெட்யூலும் ஒப்பந்த அளவிலிருந்து 15 சதவீதத்துக்கு மேல் கூடவோ குறையவோ கூடாது, குறைந்தால் விட்டுப்போன பீஸ்களுக்கு அந்தக் காலாண்டின் விலையே பொருந்தும் என்று எழுதி வாங்குங்கள். பின்தங்கலை மாதக் கணக்காகக் குறைத்தாலும் நல்லதுதான், ஆனால் பெரிய கம்பெனியின் கணக்குப் பிரிவு மாதாமாதம் விலை மாற்றச் சம்மதிப்பது அபூர்வம்.

M0 எந்த மாதம் என்பதையும் பாருங்கள். கொட்டேஷன் ஜனவரியில் கொடுத்திருப்பீர்கள், ஒப்பந்தம் ஏப்ரலில் கையெழுத்தாகும். நடுவில் இங்காட் ₹200-லிருந்து ₹212 ஆகியிருக்கலாம். ஒப்பந்தத்தில் "அடிப்படை விலை: கையெழுத்தான மாதம்" என்று இருந்தால் ₹380-ஐ ₹200 கணக்கில் சொல்லிவிட்டு ₹212-லிருந்துதான் ஏற்றம் கேட்க முடியும். பீஸுக்கு ₹15.36, முதல் நாளிலேயே, மூன்று வருடத்துக்கும். கிட்டத்தட்ட உங்கள் லாபம் முழுவதும். ₹380 எந்த மாதத்து இங்காட்டை வைத்துப் போட்டதோ அந்த மாதமும் அந்த எண்ணும்தான் அடிப்படை.

சின்ன மாற்றம் கணக்கில் வராது என்ற விதி

"3 சதவீதத்துக்குள் ஏறினாலும் இறங்கினாலும் விலை மாறாது" என்று ஒரு வரி கட்டாயம் இருக்கும். காகித வேலையைக் குறைக்க அது தேவைதான். ஆனால் எதிலிருந்து 3 சதவீதம்?

எனக்கு நேர்ந்தது இது. பெயர் வேண்டாம், ஒரு வாடிக்கையாளர். ஒப்பந்தத்தில் "முந்தைய காலாண்டோடு ஒப்பிட்டு" என்று இருந்தது. படித்தேன், கையெழுத்தும் போட்டேன். இங்காட் 200, 205, 210, 215, 220 என்று நான்கு காலாண்டு படிப்படியாக ஏறியது. ஒவ்வொரு படியும் 2.5 சதவீதமோ அதற்கும் குறைவோ. ஒரு தடவைகூட 3-ஐத் தாண்டவில்லை. மொத்தம் 10 சதவீதம் ஏறியும் ஒரு பைசா கூடவில்லை. இந்த மோட்டார் பாடிக்கு அப்படி நடந்திருந்தால் பீஸுக்கு ₹25.60 நஷ்டம், லாபமே ₹18. ஒப்பிட வேண்டியது முந்தைய காலாண்டோடு இல்லை, கடைசியாக விலை மாறியபோது இருந்த இங்காட் விலையோடு. அந்த ஒரு சொற்றொடரை மாற்ற எனக்கு ஒன்றரை வருடம் ஆனது.

கூடவே, 3 சதவீதத்தைத் தாண்டினால் முழு மாற்றமும் கிடைக்குமா, 3-க்கு மேற்பட்டது மட்டுமா என்பதையும் எழுதுங்கள். எழுதாவிட்டால் ஏறும்போது மேற்பட்டது மட்டும், இறங்கும்போது முழுவதும் என்றுதான் கணக்கு வரும்!

கூலி, கரண்ட்

கூலிக்குத் தொழிலாளர் நுகர்வோர் விலைக் குறியீட்டு எண்ணை எடுங்கள், வருடம் ஒருமுறை ஏப்ரலில் மாற்றினால் போதும். ஆனால் குறியீட்டு எண்ணுக்கு அடிப்படை ஆண்டு மாறும் என்பதை மறக்காதீர்கள். 2020 ஆகஸ்ட் வரை இந்த எண் 2001-ஐ அடிப்படையாகக் கொண்டு வந்தது, அந்த மாதம் 338. அடுத்த மாதம் அடிப்படை 2016 ஆனது, எண் 118.1. மேலே உள்ள சூத்திரத்தில் அப்படியே போட்டால் உங்கள் ₹40 கூலியில் ₹26 குறைய வேண்டும் என்று வரும். லேபர் பீரோ 2.88 என்று ஓர் இணைப்புக் காரணியும் அறிவித்தது. 118.1-ஐ அதால் பெருக்கினால் 340, அதாவது கூலி 25 பைசா கூட வேண்டும். குறியீட்டின் அடிப்படை மாறினால் அறிவிக்கப்பட்ட இணைப்புக் காரணியைப் பயன்படுத்த வேண்டும், குறியீடே நின்றுபோனால் அதன் இடத்தில் வருவது பொருந்தும் என்று ஒரு வாக்கியம் போதும். முதலில் தற்காலிகமாக வெளியாகி, பின்னால் திருத்தப்படும் எண்களும் உண்டு, மொத்த விலைக் குறியீடு அப்படித்தான். அதை எங்காவது பயன்படுத்தினால் இறுதி எண் எது என்று சொல்லிவிடுங்கள்.

கரண்டுக்குக் குறியீடு வேண்டாம். தமிழ்நாட்டில் எட்டு வருடத்துக்குக் கொஞ்சம் குறைவாகவே கட்டணம் தூங்கியது, 2022 செப்டம்பரில் ஒரே தாவலில் ஏறியது, அதிலும் நிலைக் கட்டணம் சின்னப் பட்டறைகளை நன்றாகவே கடித்தது. இதைப் பிடிக்க ஒழுங்குமுறை ஆணையத்தின் கட்டண ஆணைதான் சரியான ஆதாரம். மாதம் இத்தனை யூனிட், இத்தனை லோடு என்று இருவரும் ஒப்புக்கொண்ட ஒரு மாதிரி பில்லைப் பழைய கட்டணத்திலும் புதிய கட்டணத்திலும் போட்டு, அந்த இரண்டு தொகையின் விகிதத்தை E1/E0 என்று வையுங்கள். ₹36-க்குள் எரிபொருளும் இருப்பதால், டீசலோ காஸோ உலைக்குப் போகிறது என்றால் அந்தப் பங்கைப் பிரித்து வேறு வரியாக எழுதலாம்.

காகித வேலை

விதி சரியாக இருந்தும் பணம் வராமல் போவது இங்கேதான். ஜூலை 1 முதல் புதிய விலை. கம்பெனி பர்ச்சேஸ் ஆர்டரைத் திருத்தவில்லை. அவர்கள் சிஸ்டம் பழைய விலைக்கு மேல் பில்லை ஏற்காது. நீங்கள் பழைய விலையிலேயே பில் போட்டு அனுப்புகிறீர்கள். அக்டோபரில் திருத்தம் வரும்போது மூன்று மாத வித்தியாசத்துக்கு டெபிட் நோட், அதற்கு அந்த மாதமே ஜிஎஸ்டி, அது பாஸ் ஆக இன்னும் இரண்டு மாதம். இறக்கமாக இருந்தால் நீங்கள் கிரெடிட் நோட் கொடுக்க வேண்டும். அதில் ஜிஎஸ்டியைக் குறைத்துக்கொள்ள அந்த நிதியாண்டு முடிந்த பிறகு வரும் நவம்பர் 30 வரைதான் நேரம், ஜிஎஸ்டி ஆண்டு ரிட்டர்னை அதற்கு முன்பே போட்டுவிட்டால் அத்தோடு சரி.

ஆகவே நடைமுறையையும் விதிக்குள் எழுதுங்கள். காலாண்டின் முதல் 5 நாளில் நீங்கள் கணக்குத் தாளை அனுப்புவீர்கள். 10 நாளில் எண்ணைக் குறிப்பிட்டு மறுப்பு வராவிட்டால் ஏற்றதாகப் பொருள். புதிய விலை 1-ஆம் தேதிக்குப் பிறகு உங்கள் பட்டறையிலிருந்து கிளம்பும் சரக்குக்கெல்லாம் பொருந்தும், ஆர்டர் திருத்தம் எப்போது வந்தாலும் சரி. உங்கள் தாமதத்தால் சரக்கு அடுத்த காலாண்டுக்குப் போனால் இரண்டில் குறைந்த விலை என்று அவர்கள் கேட்பார்கள், கொடுத்துவிடுங்கள், அது நியாயம்.

ஆர்டரின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் "விலை உறுதியானது, எக்காரணத்தாலும் மாறாது" என்று அச்சாகியிருக்கும். இரண்டும் முரண்பட்டால் விலை மாற்ற விதியே செல்லும் என்று ஒப்பந்தத்தில் எழுதாமல் கையெழுத்துப் போடாதீர்கள். இதை ஒருமுறை நான் கம்பெனி பக்கமிருந்தே பயன்படுத்தியிருக்கிறேன், பெருமையாகச் சொல்லவில்லை.

கையெழுத்துக்கு முன் ஒரு மாலை நேரத்தைச் செலவழியுங்கள். கடந்த மூன்று வருடத்து இங்காட் பில், மின் கட்டணம், குறியீட்டு எண் எல்லாவற்றையும் எடுத்து, அவர்கள் தந்த வரைவின்படி 12 காலாண்டு விலையைப் போட்டுப் பாருங்கள். பக்கத்தில் உங்கள் உண்மைச் செலவு. எந்தக் காலாண்டில் இரண்டும் பிரிகிறதோ, எந்த வார்த்தையால் பிரிகிறது என்று தேடுங்கள். அப்புறம் அதில் ஏறிய காலாண்டு ஒன்று, இறங்கிய காலாண்டு ஒன்று, இரண்டையும் முழுக் கணக்கோடு இணைப்பாகச் சேர்த்து, அந்தப் பக்கத்திலும் இரண்டு தரப்பும் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். இறங்கிய காலாண்டைச் சேர்க்க நீங்களே முன்வந்தால், 1.28-க்கு அவ்வளவாக எதிர்ப்பு வராது.